விசுவலிங்கத்தாரின் நெற்றிச்சூடு

பரமலிங்கத்தார் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் ஊரில் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம். கடையில் அவர் வெறும் மேலோடுதான் இருப்பார். அரிசி, சீமெந்து, தகரம், ஆணி எதை விற்பதற்கும் அந்த மேல் போதும். சட்டை அவருக்குத் தேவைப்படுவது அதில் உள்ள பைக்காக. பைக்குள் யாரையோ வேலையால் நிப்பாட்டும் கடிதம் ஒன்று இருக்கும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்கு அவர் தான் தலைவராக இருக்கும் புளியங்கூடல் வாசிகசாலையின் படியேறியபோது கடிதத்தின் விளிம்பு பைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. உள்ளே நின்ற பிரேமினி அதைக் கண்டாள். அதில் எழுதியிருப்பது தன் பெயர்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடியில் வெள்ளிக்கிழமையே இரண்டு பேர் அவளிடம் துக்கம் விசாரித்துவிட்டார்கள்.

பிரேமினி அந்த வாசிகசாலையில் நடந்த கொம்பியூட்டர் வகுப்புக்கு ரீச்சர். ஊர்காவற்றுறையிலிருந்து நாளாந்தம் சைக்கிளில் வருவாள். தகப்பன் வின்சன்ற் வள்ளம் வைத்திருப்பவர். மகளைக் கடலுக்குக் கிட்ட விடாமல் யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் படிக்க வைத்ததை இன்னும் சொல்லிக் காட்டுவார். வேலை போனால் போகட்டும் என்று அவள் விட்டுவிடலாம். ஆனால் 'மிஷின்களைப் பழுதாக்கினவள்' என்ற பெயரோடு இந்தப் படியை விட்டு இறங்கினால் தீவுப்பகுதியில் இன்னொரு கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் அவளை ஒருவரும் கதிரை போட்டு இருத்தப்போவதில்லை. அவள் காக்க வந்தது அந்தப் பெயரை.

மிஷின்கள் மொத்தம் நான்கு. கனடாவில் இருக்கும் பரமலிங்கத்தாரின் தம்பி, காலமான தகப்பன் விசுவலிங்கத்தாரின் ஞாபகார்த்தமாக வாங்கிக் கொடுத்தவை. தையில் திறப்பு விழா. விழாவுக்கு முதல் நாள் பரமலிங்கத்தாரே நின்று, ஒவ்வொரு மிஷினின் பெட்டியிலும் தகப்பனின் படத்தை ஒட்டுவித்தார். ஒரு அடி உயரம், மழையில் விட்டாலும் நனையாதபடி பிளாஸ்ரிக் உறை, நான்கு விளிம்பும் இறுக்கக் கோந்து. படத்தில் விசுவலிங்கத்தார் சால்வையும் மீசையுமாக, கடனுக்குச் சாமான் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலால் வருகிறவனுக்கு முதலில் அந்த முகம்தான் தெரிய வேண்டும் என்பது மகனின் கட்டளை. அதனால் ஒரு சுவரோரம் இருந்த மூன்று பெட்டிகளுக்கு இடப்பக்கத்திலும், எதிர்ச் சுவரோரம் தனியே இருந்த நாலாவதுக்கு வலப்பக்கத்திலும் படம் ஏறியது.

தை, மாசி இரண்டு மாதமும் மிஷின்கள் கன்றுக்குட்டி மாதிரி ஓடின. பங்குனி பிறந்ததும் முதல் மூன்றும் படுத்துவிட்டன. காலையில் எழும்பும், அரை மணித்தியாலத்தில் இரைச்சலோடு ஊரத் தொடங்கும். நாலாவது மாத்திரம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. அதில் இருக்கப் பிள்ளைகள் தங்களுக்குள் அடிபட்டார்கள். ராசியான மிஷின் என்று அதன் திரைக்குத் திருநீறும் பூசப்பட்டது.

"இருங்கோ ஐயா," என்றாள் பிரேமினி.

"இருக்க வரேல்லை." பரமலிங்கத்தார் கதிரையைத் துடைத்துவிட்டு இருந்தார்.

அவருக்குப் பின்னால் றஜீபன் வந்தான். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருப்பவன், இந்த நான்கு மிஷினையும் விற்றவன். பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்று ஒவ்வொன்றின் பின்புறத்திலும் சின்னச் சீல் குத்தி வைத்தவனும் அவன்தான். கடைசியாக, குடையை மடக்கியபடி சறோஜினிதேவி ஏறினார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், பரமலிங்கத்தாரின் கூடப்பிறந்த அக்கா, வாசிகசாலையின் செயலாளர். தம்பியும் அக்காவும் தேங்காய்ப் பங்கு ஒன்றில் பிரச்சினைப்பட்டு ஏழு வருடமாகக் கூட்டங்களில் மட்டும் கதைப்பவர்கள்.

"செயலாளர் வந்திட்டா. தொடங்குவம்," என்றார் பரமலிங்கத்தார். "பிள்ளை, கூட்டிக் கழிக்க ஒண்டுமில்லை. குடுக்கேக்க புதுசு. மூண்டு மாசத்தில கிழடு. இடையில தொட்டது ஆர்? நீர்."

"நான் தொட்டது படிப்பிக்கிறதுக்கு."

"எங்கட கடைத் தராசு முப்பது வருசமா ஆடுது. அதைத் தொடுறவனும் ஒருதன் இருக்கிறான். தராசு படுக்கேல்லை. ஏனெண்டால் தொடுறவன் அதில சினிமாப் படம் பாக்கிறேல்லை."

"நானும் பாக்கிறேல்லை."

"ஹாட்டிஸ்க் நிறையப் படமும் பாட்டுமாமே. ஊர் கதைக்குது."

றஜீபன் தொண்டையைச் செருமினான். "ஐயா, படம் இருக்கோ இல்லையோ, நான் போன கிழமையே சொன்னனான். இது றாம் பத்தாத பிரச்சினை. ரீச்சர் ஒரே நேரத்தில கண்ட கண்டதையெல்லாம் திறந்து விடுறா. மெமரி தாங்காது. மூண்டுக்கும் புது றாம் போடுவம். பிறகு, பாவிக்கத் தெரிஞ்ச ஆளை வைச்சால் சரி. என்ர மச்சாள்கூடப் படிச்சிட்டுச் சும்மாதான் இருக்கிறா."

பிரேமினி றஜீபனைக் காட்டிச் சறோஜினிதேவியிடம் சொன்னாள்: "மருந்தும் இவரிட்டை, மருத்துவிச்சியும் இவற்ற வீட்டில. வருத்தம் என்னெண்டு மட்டும் இன்னும் பாக்கேல்லை."

"போன கிழமை பாத்தனான்."

"எத்தினை மணிக்கு?"

"எட்டு மணி பஸ்சில வந்து... எட்டரைக்கு."

"மிஷின் போட்டு எவ்வளவு நேரத்தால?"

"போட்ட உடனை."

"படுத்திருக்கிற ஆளை எழும்ப முதல் நாடி பிடிச்சிட்டுப் போட்டீர். இண்டைக்கு ஒன்பது மணியிலயிருந்து ஓடுது. இப்ப வந்து பாரும்."

இரண்டாவது மிஷினில் ஆங்கிலப் பாடத்தின் படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வணக்கம் சொல்ல வாயைத் திறந்து, அந்த வாயோடேயே நின்றாள். பிறகு அரை வணக்கம் வந்தது. பிறகு மறுபடி வாய். பெட்டிக்குள் விசிறி, மண்ணெண்ணெய் அடுப்புப்போல் இரைந்தது.

பிரேமினி மூன்று விசைகளைச் சேர்த்து அமத்தினாள். மிஷினுக்குள் நடப்பதைக் காட்டும் டாஸ்க் மனேஜர் திறந்தது. கறுப்புப் பெட்டிகளில் பச்சைக் கோடுகள், கீழே எண்களின் நிரைகள். அந்த எண்களை அவள் ஒரு கிழமையாக இரகசியமாகப் பார்த்து வருகிறாள். பிழை எதில் இல்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். எதில் என்பதும் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. அது தெரியாமல் வாயைத் திறந்தால் தனக்கே குழி என்பதால்தான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தாள். இன்றைக்குப் பேசாமல் இருக்கவும் வழியில்லை.

"ஐயாவுக்கு ஐயான்ர பாஷையில சொல்லுறன். கடை முன்மேசைதான் மெமரி. பின்னால இருக்கிற களஞ்சியம் ஹாட்டிஸ்க். நிறுத்துக் கட்டிக் குடுக்கிற ஆள் புறொசசர். யாவாரம் பிந்தினால் இந்த மூண்டில எது பிந்துதெண்டு பாக்கோணும். றஜீபன் சொல்லுறார், மேசை காணாதாம். மேசையைப் பாப்பம்."

அவள் விரல் ஒரு நிரையில் நின்றது. "மொத்த மெமரி ஐந்நூற்றுச் சொச்சம் எம்பி. இது, இப்ப வெறுமையா இருக்கிறது. ஏறக்குறைய முந்நூறு. பாதி மேசைக்கு மேல சும்மா கிடக்குது."

"இப்ப கிடக்கும்," என்றான் றஜீபன். "நீங்கள் பத்தைத் திறந்து விடேக்க?"

"அதுக்கும் சாட்சி இருக்கு. இந்தா, பீக் எண்டு எழுதியிருக்கு. காலமை மிஷின் போட்ட நேரத்திலயிருந்து ஆகக் கூடக் கேட்டது எவ்வளவெண்டு இது பிடிச்சு வைச்சிருக்கும். வகுப்பு நடக்கேக்க பதினொரு பிள்ளையளும் மாறி மாறித் திறந்து பாத்தவை. பீக் இருநூற்று அறுபது. ஒருக்காலும் ஐந்நூறைத் தொடேல்லை. மேசை நிரம்பாத கடைக்கு நீர் இன்னொரு மேசை விக்கப் பாக்கிறீர்."

பரமலிங்கத்தார் றஜீபனைப் பார்த்தார். கழுத்து ஓரமாகத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வை, எடை குறைந்த மூடை இறக்குகிறவர்களுக்குப் பழக்கமானது.

"சரி, றாம் இல்லை," என்றார். "களஞ்சியம். அதுக்குள்ளதானே உம்மட படங்கள்."

"களஞ்சியத்தில சாமான் கிடந்தால் மட்டும் யாவாரம் பிந்தாது ஐயா. ஆள் அடிக்கடி உள்ளுக்குப் போய் வந்தால்தான் பிந்தும். இந்தப் பெட்டி முகப்பில சின்னச் சிவப்பு லைற் இருக்கு, பாருங்கோ. ஹாட்டிஸ்க் வேலை செய்தால் அது பத்தும். மெமரி போதாட்டிலும் மேசையில இருக்கிறதைத் தூக்கிக் களஞ்சியத்தில வைக்கவும் எடுக்கவும் எண்டு அது அணையாமல் பத்திக்கொண்டு நிக்கும்."

நான்கு பேரும் அந்தச் சிவப்புப் பொட்டை உற்றுப் பார்த்தார்கள். அது ஒருமுறை கண் சிமிட்டியது. நெடுநேரம் இருண்டிருந்தது. மறுபடி ஒருமுறை.

"நித்திரை," என்றார் சறோஜினிதேவி. கூட்டத்தில் அது அவருடைய முதல் வார்த்தை.

பிரேமினி மற்றப் பக்கத்துக்கு மாற்றி, ஓடுகிற நிரல்களின் பட்டியலைக் காட்டினாள். வாசித்தது எவ்வளவு, எழுதியது எவ்வளவு என்ற நிரைகளை அவள் முன்னரே சேர்த்து வைத்திருந்தாள். பாடப் படத்துக்கு நேரே வாசிப்பு எண் நிதானமாக, துளித் துளியாக ஏறியது. எழுத்து எண் அசையவே இல்லை.

"அப்ப மூண்டாவது," என்றார் பரமலிங்கத்தார்.

இந்த இடத்துக்குத்தான் பிரேமினி பயந்திருந்தாள்.

"ஓம். மூண்டாவது. புறொசசர் நூறு."

பச்சைக் கோடு கறுப்புப் பெட்டியின் கூரையில் முட்டி, நேராக இழுத்த நூல்போல் ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலில் பாடப் படத்துக்கு மட்டும் தொண்ணூற்றாறு.

"போன கிழமை ஐடில் எண்டு ஒண்டுதான் தொண்ணூற்றேழு திண்டுகொண்டு இருந்தது," என்றார் பரமலிங்கத்தார். "நானே கண்ணாலை கண்டனான். அதை அழிக்கச் சொல்லி இவனுக்குச் சொன்னனான்."

"அது தின்னுறது இல்லை ஐயா. வேலையில்லாமல் சும்மா இருக்கிற பங்கு. காலமை வேலை இல்லை, தொண்ணூற்றேழும் சும்மா. இப்ப பாருங்கோ, ஐடில் பூச்சியம். ஆளுக்கு மூச்சு விட நேரமில்லை."

றஜீபனின் முகம் வெளித்தது. "அவவே ஒப்புக்கொண்டிட்டா. புதுப் புறொசசர் ஐயா, நான் குடுக்கேக்க இந்தப் பாடம் வழுக்கிக்கொண்டு ஓடினது. நூறில நிக்குதெண்டால் ஆள் களைச்சுப் போச்சு. களைக்கப் பண்ணினது ஆரெண்டு நான் சொல்லத் தேவையில்லை."

பரமலிங்கத்தாரின் கை சட்டைப்பைக்குப் போனது. பிரேமினி அந்தக் கையைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"நாலாவதும் அதே புறொசசர்தானே?"

"ஒரே பெட்டி, ஒரே நாள் இறக்கினது," என்றான் றஜீபன்.

"அதைத் தொட்டது வேற ரீச்சரோ?"

பதிலுக்கு நிற்காமல் அவள் போய் நாலாவதில் அதே பாடத்தை ஓட விட்டாள். வெள்ளைக்காரப் பெண் முழு வணக்கமும் சொல்லி, பெயரைச் சொல்லி, சுகம் விசாரித்து, காலநிலைக்கும் போய்விட்டாள். டாஸ்க் மனேஜரில் பச்சைக் கோடு ஐம்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் ஆடியது.

"ஒரே ஆள், ஒரே மூடை," என்றாள். "இஞ்சை பாதிப் பலத்தில தூக்கிறார். அங்கை முழுப் பலமும் போட்டும் ஏலாமல் நிக்கிறார். அப்ப அங்கை ஆரோ அவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்."

சொல்லிக்கொண்டே, பதில் தெரியாதவர்கள் செய்வதுபோல், நாலாவது பெட்டியில் கையை ஊன்றினாள். வலப்பக்கம் விசுவலிங்கத்தாரின் படம் குளிர்ந்து கிடந்தது. கையை மறுபக்கம் கொண்டுபோனாள். இடப்பக்கத்துத் தகட்டில் வட்டமாகச் சின்னத் துளைகள். காற்று உள்ளே இழுபடுவது விரலில் தெரிந்தது.

அவள் திரும்பி நடந்து இரண்டாவது மிஷினின் இடப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். அங்கே துளை இல்லை. விசுவலிங்கத்தார் இருந்தார். அவருடைய நெற்றியில் வைத்த கையை அவள் சடாரென்று எடுத்தாள்.

"ஐயா," என்றாள், "உங்கட அப்பாவுக்குக் காய்ச்சல்."

அவள் விரலால் அந்த முகத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினாள்.

"அந்த முகத்துக்குப் பின்னால ஒரு வட்டத் துளை இருக்கு. புறொசசர் மூச்சு விடுற மூக்கு அது. சூடு கூடினால் புறொசசர் கருகிப் போகாமல் தன்னைத்தானே மட்டுப்படுத்தும், ஒரு அடி வைக்கும், ஒரு அடி நிக்கும். பாதி வேலைதான் நடக்கும். அதுதான் ஐம்பத்தைஞ்சு வேலைக்கு நூறு காட்டுது. தை, மாசியில குளிர்காத்து, சமாளிச்சுது. பங்குனி வெயிலில ஏலேல்லை. நாலாவதுக்குப் படம் மற்றப் பக்கம், மூக்கு வெளியில. மூண்டையும் மறிச்சுக்கொண்டு நிக்கிறது நானில்லை."

"யோசிச்சுக் கதையும்," என்றார் பரமலிங்கத்தார். குரல் தணிந்திருந்தது, அவருடைய குரல் தணிந்தால்தான் கடைப் பொடியன்கள் ஓடுவார்கள். "ஊருக்கு முதல் தகரக் கூரை போட்ட மனிசன். அவரைக் கழட்டி எறியோணும் எண்டு சொல்லுறீர்."

"கழட்டிப் பாப்பம் எண்டு சொல்லுறன்."

"வள்ளத்துக்காரன்ர பெட்டைக்கு எங்கட அப்பான்ர முகம் இடைஞ்சல்."

"வள்ளத்துக்கும் காத்து வேணும் ஐயா. பாய்க்கு முன்னால தட்டியை வைச்சு மறிச்சால் வள்ளம் நகராதெண்டு எங்களுக்குத் தெரியும்."

பரமலிங்கத்தார் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் பேனையையும் வைத்தார். "சரி, ஒரு பேச்சு. ஒரு படம். இந்த ஒண்டு. கீழயிருந்து சால்வை வரைக்கும் உரியும். அஞ்சு நிமிசம். கோடு இறங்காட்டில் இதை இப்பவே ஒப்பம் வைச்சுத் தாறன், வாங்கிக்கொண்டு சைக்கிளை எடும்."

"துளை முகத்துக்குப் பின்னால. சால்வையை உரிச்சு என்ன பிரயோசனம்? நாடி மட்டும்."

"சால்வை."

"நாடி."

"நெஞ்சுப் பொத்தான் மட்டும். அதுக்கு மேல ஒரு நூல் இல்லை."

"கழுத்து மட்டும் விடு தம்பி," என்றார் சறோஜினிதேவி. "செயலாளர் சொல்லுறன், குறிப்பில எழுதுறன்."

கழுத்தில் பேரம் நின்றது. பிரேமினி கோடு கீறும் இரும்பு அடிமட்டத்தைக் கோந்துக்குள் செலுத்திக் கீழ் விளிம்பிலிருந்து கிளப்பினாள். சால்வை சுருண்டு மேலே வந்தது. மிஷினின் தகடு வெறும் தகடாகத் தெரிந்தது, துளை ஒன்றும் இல்லை.

சுவர் மணிக்கூட்டில் ஐந்து நிமிடம் போவது சத்தமாகக் கேட்டது. பச்சைக் கோடு கூரையை விட்டு ஒரு நூல் இறங்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் இன்னும் வாயைத் திறந்தபடியே நின்றாள். பரமலிங்கத்தார் பேனை மூடியைக் கழற்றினார்.

"நூறு," என்றார். "எனக்கும் இப்ப வாசிக்கத் தெரியும் பிள்ளை."

"மீசை மட்டும்," என்றாள் பிரேமினி. "மீசை மட்டும் விடுங்கோ. இறங்காட்டில் உங்கட கடிதத்தை நானே வாசலில நிண்டு உரத்து வாசிச்சுப்போட்டுப் போறன். பழுதாக்கினது நான்தான் எண்டு சொல்லிப்போட்டுப் போறன்."

இது புதிய விலை. பரமலிங்கத்தார் அதை மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார். தம்பிக்கு ரெலிபோனில் சொல்ல நல்ல செய்தி. "மூக்குக்குக் கீழ," என்றார்.

அடிமட்டம் மறுபடி ஏறியது. நாடி மடிந்தது, உதடு மடிந்தது. மீசையின் கீழ் விளிம்பில் முதல் துளை நிரை தெரிந்தது. காற்று உள்ளே போகும் சீழ்க்கைச் சத்தம் மெல்லக் கேட்டது.

மூன்றாவது நிமிடத்தில் கோடு அறுந்தது. கூரையிலிருந்து ஐம்பத்தைந்துக்கு விழுந்தது, பத்துச் செக்கன் அங்கே நின்றது, மறுபடி நூறுக்கு ஏறியது, மறுபடி விழுந்தது. கறுப்புப் பெட்டி முழுக்க வாள்பல்லு. வெள்ளைக்காரப் பெண் ஒரு வசனத்தை முடித்தாள், அடுத்ததில் மாட்டினாள், மறுபடி முடித்தாள்.

"அரைவாசி மூக்குக்கு அரைவாசி மூச்சு," என்றாள் பிரேமினி. "மிச்சத்தையும் விடுங்கோ."

"ஏறுது, இறங்குது," என்றார் பரமலிங்கத்தார். "இதுக்குப் பேர் சுகமில்லை. பேச்சு, கோடு இறங்கோணும் எண்டது."

"இறங்கினதைக் கண்டனீங்கள்."

"ஏறினதையும் கண்டனான்."

"கண்மட்டும் உரிப்பம்."

"கண்ணில கை வைக்க விடமாட்டன்."

"புருவம் மட்டும் எண்டு நான் சொல்ல வந்தனான். உங்களுக்காகக் கண்ணுக்கு இறங்கினன்."

சறோஜினிதேவி குடையைச் சுவரில் சாத்திவிட்டு எழும்பினார். இரண்டாவது மிஷினுக்கு வந்து, சுருண்டு கிடந்த படத்தைப் பிடித்தார்.

"அக்கா."

"உனக்கு அப்பா எண்டால் எனக்கும் அப்பாதான். உயிரோட இருக்கேக்கையும் அந்த மனிசன் வாசலுக்குக் குறுக்கை கதிரையைப் போட்டு இருந்துகொண்டு ஒருதரையும் உள்ளுக்கு விட்டதில்லை. என்ர கலியாணம் மூண்டு வருசம் பிந்தினது அந்தக் கதிரையாலைதான். செத்தும் வந்து வாசலை மறிக்கிறார்."

ஒரே இழுவை. விசுவலிங்கத்தார் முழுதாகக் கையில் வந்தார். பின்புறத்தில், முகம் இருந்த இடத்தில், பிளாஸ்ரிக் வெந்து மஞ்சளாகி, வட்டத் துளைகளின் அச்சு அம்மைத் தழும்புபோல் பதிந்திருந்தது.

பச்சைக் கோடு இரண்டு தரம் மேலே எட்டிப் பார்த்தது. பிறகு ஐம்பத்துமூன்றில் படுத்துக்கொண்டது. ஐடில் நாற்பத்தேழு. பெட்டியின் இரைச்சல் தணிய, வெளியே றோட்டில் பஸ் போகும் சத்தம் கேட்டது. வெள்ளைக்காரப் பெண் காலநிலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"நானும் காத்தோட்டத்தைப் பற்றி அப்பவே சொல்ல நினைச்சனான்," என்றான் றஜீபன்.

"எப்ப?" என்றாள் பிரேமினி. "கோந்துப் பேணியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கயோ? தையில இந்தத் துளை மேல படத்தை வைச்சு அமத்தினது ஐயா. விளிம்புக்குக் கோந்து பூசினது நீர். மிஷின் விக்கிற உமக்கு அதன்ர மூக்கு எதெண்டு தெரியேல்லை. தெரிஞ்சிருந்தும் பூசினீரெண்டால் அதை நான் கதைக்கேல்லை, ஐயா கதைப்பார்."

றஜீபன் பன்னிரண்டேகால் பஸ்சுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் படியிறங்கியபோது பரமலிங்கத்தார் அவனை இருக்கச் சொல்லவில்லை.

மற்ற இரண்டையும் சறோஜினிதேவியே உரித்தார். மூன்று தகப்பன்மாரையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தம்பியின் மடியில் வைத்தார். "மற்றப் பக்கத்தில ஒட்டு. வாசலுக்குத் தெரியோணுமெண்டால் மேசையளை எதிர்ச் சுவருக்கு மாத்து. துளைக்கு முன்னால மட்டும் வைச்சிடாதை."

பரமலிங்கத்தார் படங்களைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். பிறகு மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்தார். அவர் அதைக் கிழிக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தாளையும் அவர் பாவிக்காமல் கிழித்ததில்லை. திருப்பிப் போட்டு, வெறுமையாயிருந்த பின்பக்கத்தில் ஊன்றி எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் அவள் பக்கம் தள்ளினார்.

"வாசிச்சு ஒப்பம் வையும்."

அவள் வாசித்தாள். வெப்பகாலத்தில் மிஷின்களுக்குக் காற்றோட்டம் தேவைப்படும் என்பதைத் தலைவர் வி. பரமலிங்கம் அவர்கள் அவதானித்து, அவருடைய ஆலோசனையின்படி ஞாபகார்த்தப் படங்கள் இடம் மாற்றப்பட்டன.

"அவதானிச்சது நீங்களோ?"

"கனடாவுக்கு அறிக்கை அனுப்போணும். தம்பி கேப்பான். அப்பான்ர படத்தை ரீச்சர் உரிச்சாள் எண்டு எழுதினால் உமக்கு நல்லதோ? ஒப்பத்தை வையும், திங்கட்கிழமை வழமைபோல வாரும்."

"வைக்காட்டில்?"

"திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் கிடக்குது."

பிரேமினி பேனையை எடுத்தாள். இவ்வளவு கெதியாக அவள் எடுப்பாள் என்று அவர் நினைக்கவில்லை. ஒப்பம் வைத்தாள், திகதி போட்டாள். சறோஜினிதேவியிடம் நீட்டினாள், அவரும் செயலாளர் என்று கீழே எழுதி ஒப்பம் வைத்தார். வைத்துவிட்டுத் தாளை ஒருதரம் திருப்பிப் பார்த்தார். பின் பிரேமினியிடமே கொடுத்தார்.

பிரேமினி அதை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"இஞ்சை தாரும். அது அறிக்கை."

"ஓம் ஐயா. அனுப்பத்தான் வேணும். முன்பக்கம் உங்கட அவதானம். பின்பக்கம், மிஷினைப் பழுதாக்கினதுக்காக என்னை நிப்பாட்டுறதெண்டு நீங்கள் எழுதினது. ரெண்டும் உங்கட கையாலை எழுதினது, ஒரே தாள். தம்பியார் ரெண்டு பக்கத்தையும் வாசிப்பார்."

பரமலிங்கத்தாரின் கண் அவளுடைய பையிலேயே நின்றது. முப்பது வருட வியாபாரத்தில் தன் சரக்கைத் தானே மற்றவன் தட்டில் வைத்த நாள் இதுதான்.

"என்ன வேணும்?" என்றார்.

"ஒண்டும் வேண்டாம். கனடாவுக்குப் புதுத்தாளில எழுதுங்கோ, நானே தட்டச்சடிச்சுத் தாறன். அவதானிச்சது நீங்களாகவே இருக்கட்டும். இந்தத் தாள் என்ர அலுமாரியில கிடக்கட்டும். பழுதாக்கினவள் எண்டு கடையிலயோ துறைமுகத்தடியிலயோ ஆரும் கதைச்சது என்ர காதில விழாத மட்டும் அது அங்கையே கிடக்கும்."

அவர் எழும்பினார். மூன்று படங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது.

"வகுப்பு ஒன்பது மணிக்கு," என்றார். "போன கிழமை ரெண்டு நாள் நீர் ஒன்பதே அஞ்சுக்கு வந்தனீர். நானும் எழுதித்தான் வைச்சிருக்கிறன்."

"எந்தத் தாளில ஐயா?" என்று கேட்டாள் பிரேமினி.

அவர் வெயிலில் இறங்கினார். அவள் போய் டாஸ்க் மனேஜரை மூடினாள். மூடுவதற்கு முன் ஒருமுறை கோட்டைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு.